மேற்கண்ட விஷயம் தொடர்பாக

‘சாயா யாங் மெனுருட் பெரிந்தா.’ மலேசிய அரசு அலுவலகக் கடிதங்களில் கையெழுத்துக்கு மேலே பல பத்தாண்டுகள் நின்ற வரி இது. கட்டளைக்குக் கீழ்ப்படியும் நான் என்று அர்த்தம். அரசு ஊழியர், ‘இதை என் இஷ்டத்துக்கு எழுதவில்லை, எனக்கு மேலே இருக்கும் அரசின் உத்தரவுப்படி எழுதுகிறேன்’ என்று சொல்லிக்கொள்வதற்காக வைத்த வரி. அண்மை ஆண்டுகளில் இதை மாற்றிவிட்டு, பொறுப்பை நிறைவேற்றும் நான் என்று பொருள்படும் ‘சாயா யாங் மெஞ்சாலாங்கான் அமானா’ என்று எழுதுகிறார்கள். இரண்டுமே அரசு ஊழியருக்கு உரியவை. சாதாரண ஜனங்களுக்கு ‘யாங் பெனார்’ போதும். உண்மையுள்ள, அவ்வளவுதான்.

எங்கள் பெரியப்பா நில அலுவலகத்துக்கு எழுதிய பதினோரு கடிதங்களிலும் கடைசி வரி ‘சாயா யாங் மெனுருட் பெரிந்தா’தான். அலுவலகத்திலிருந்து வந்த ஒரே ஒரு பதிலைப் பார்த்து அவர் காப்பி அடித்தது அது. அரசாங்கமே இவ்வளவு பணிவாக எழுதும்போது நாம் அதைவிடக் குறைவாக எழுதலாமா என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கவுண்டரில் இருக்கிற ஆள் அதைப் படிக்கும்போது, ஒரு பால்மரத் தொழிலாளி திடீரென்று அரசு ஊழியர் வேஷத்தில் எழுதிய மாதிரி இருந்திருக்கும்.

எங்கள் ஆட்களின் கடிதங்களில் இருக்கிற குரல் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பதினோரு நகல்களையும் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். தோட்டத்தில் கடிதம் எழுதுவது கிராணியின் வேலை. துரைக்கும் அரசாங்கத்துக்கும் இங்கிலீஷில் மனு போவதென்றால் அவர்தான் எழுதுவார். தங்கள் அடிபணிந்த ஊழியன் என்று முடியும் அந்தக் காலத்து இங்கிலீஷ் மனு ஒரு தனி வாத்தியம். 1967இல் தேசிய மொழிச் சட்டம் வந்து மலாய் அலுவல் மொழியானபோது மொழி மாறியது, வாத்தியம் மாறவில்லை. ‘மெனுருட் பெரிந்தா’வே அந்த இங்கிலீஷ் வரியின் வாரிசு என்றுதான் எனக்குப் படுகிறது. பெரட்டுக் களத்தில் துரைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நின்ற உடம்பு, காகிதத்தின் முன்னாலும் அப்படியே நின்றது.

இன்னொன்றும் உண்டு. பேராக்கில் காகிதம் என்பது ஆரம்பத்திலேயே பயத்தோடு வந்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கம் எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டார்கள். அவசரகாலம் அதை ஒட்டித்தான் பிறந்தது. அதே ஆண்டு ஆள் ஆளாகப் பதிந்து அடையாளக் கார்டு கொடுக்க ஆரம்பித்தார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் கேட்டார்கள். அது கிடைக்காமல் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறியவர்கள் எங்கள் லயத்திலேயே உண்டு என்று பெரியம்மா சொல்வார். ஆக, அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தாலே எதையோ பிடுங்கத்தான் வருகிறது என்ற எண்ணம் சும்மா வந்ததில்லை.

பெரியப்பா கேட்டது கிராண்டு. பத்திரிகையில் நிலப்பட்டா என்று எழுதுவார்கள், வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஈப்போவுக்கு வடக்கே இருந்த எங்கள் தோட்டத்தை விற்று, ரப்பரை அழித்து, ஒரு பக்கம் செம்பனையும் இன்னொரு பக்கம் வீடமைப்புத் திட்டமும் வந்தபோது, வேலையோடு லயத்து வீடும் போனது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம், ஆளுக்கு இல்லை. பெரியப்பாவும் இன்னும் ஏழெட்டுக் குடும்பங்களும் ஆற்றோரம் அரசு நிலத்தில் பலகை வீடு கட்டினார்கள். 1991இல் அதற்கு டிஓஎல் கிடைத்தது. தற்காலிகக் குடியிருப்பு உரிமம். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31ஆம் தேதியோடு செத்துப்போய், பணம் கட்டினால் மறுபடி உயிர் பெறும் ஒரு காகிதம். 2009இல் அதே நிலத்தை நிரந்தரமாகக் கேட்டு விண்ணப்பம் போட்டார். ரசீதும் கோப்பு எண்ணும் கிடைத்தன. அதற்குப் பிறகு பதினோரு கடிதங்கள், ஒரு பதில். 2016இல் அவர் இறந்துபோனார்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடிதத்தின் குரல் முழுக்க அதைச் சுற்றித்தான் நிற்கிறது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு ரொம்பத் தெளிவானது. அரசு நிலத்தில் எத்தனை வருஷம் இருந்தாலும், திருட்டுத்தனமாக இருந்தாலும் சரி, லைசென்ஸோடு இருந்தாலும் சரி, இருந்ததால் மட்டும் அது உங்களுக்குச் சொந்தமாகாது. நிலத்தைக் கொடுப்பதும் கொடுக்காததும் மாநில அரசின் விருப்பம். அந்த விருப்பத்துக்கு மலாயில் ‘புடி பிச்சாரா’ என்று பெயர். நம் புத்தியும் விசாரமும்தான். சமஸ்கிருதத்திலிருந்து போன சொற்கள். அதிகாரி தன் புத்தியால் விசாரித்துத் தீர்மானிப்பார்.

உரிமை இல்லை, விருப்பம் மட்டும்தான் என்ற இடத்தில் மனிதர்கள் கெஞ்சத்தான் செய்வார்கள். பெரியப்பாவின் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் தலைப்பு ‘ராயுவான்’. மேல்முறையீட்டுக்கும் இதுதான் சொல், கருணை மனுவுக்கும் இதுதான். வேர்ச்சொல்லான ‘ராயு’வுக்குக் கொஞ்சுவது, இணங்க வைப்பது என்று பொருள். மலாய்க் காதல் பாட்டில் காதலியை என்ன செய்கிறார்களோ, நில அலுவலகத்தில் அதிகாரியையும் அதையே செய்கிறோம். பெரியப்பாவின் கடிதம் ஒன்றை என்னால் முடிந்தவரை தமிழில் தருகிறேன்:

“மதிப்பிற்கும் மாண்பிற்கும் உரிய ஐயா, ஏழையாகிய நான் தங்கள் பொன்னான நேரத்தை எடுப்பதற்கு ஆயிரம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தோட்டத்தில் 31 ஆண்டு வேலை செய்தவன். எனக்கு மூன்று பிள்ளைகள். மனைவிக்கு இனிப்பு நீர் வியாதி. 1986 முதல் இந்த இடத்தில் வசிக்கிறோம். ஐயா அவர்கள் பெரிய மனது வைத்து, அனுதாபத்தோடு பார்த்து, எங்களுக்கு நிலம் கிடைக்க உதவினால் சாகும்வரை மறக்கமாட்டோம்.”

இதில் கோப்பு எண் இல்லை. கேள்வியும் இல்லை. இதைப் படிக்கிற கிளார்க் என்ன பதில் எழுத முடியும்? ‘சரி, பெரிய மனது வைத்தேன்’ என்று அவர் எழுத முடியாது. அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. நிலம் கொடுப்பதைத் தீர்மானிப்பது ஈப்போவில் கூடும் மாநில ஆட்சிக்குழு. ஆக, அவர் கடிதத்தைக் கோப்பில் வைப்பார், கோப்பு இன்னும் கொஞ்சம் தடிக்கும்.

பெரியப்பா போன பிறகு அவர் மகன், எங்கள் அண்ணன், கோலாலம்பூரிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். அவர் வேறு தலைமுறை, கப்பலில் கண்டெய்னர் ஏற்றும் கம்பெனியில் சூப்பர்வைசர். விஷயம் என்ற இடத்தில் ‘அலுவலகத்தின் அலட்சியம் குறித்துப் புகார்’ என்று கொட்டை எழுத்தில் போட்டார். எங்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறீர்கள் என்று ஒரு வரி. பதினான்கு நாளில் பதில் வராவிட்டால் ஊடகத்துக்குப் போவேன் என்று இன்னொரு வரி. கீழே ஆறு பேருக்கு நகல். சட்டமன்ற உறுப்பினர், மந்திரி பெசார் அலுவலகம் என்று வரிசையாக.

பதில் வந்தது. பன்னிரண்டே நாளில். ‘தங்கள் புகார் நடவடிக்கையில் இருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். பாத்தியா, சத்தம் போட்டாதான் நடக்கும்னு போன் பண்ணினார். அந்தப் பதிலை நான் ஐந்தாறு முறை படித்தேன். ‘செடாங் டாலாம் திண்டாக்கான்’, நடவடிக்கையில் இருக்கிறது. எந்த நடவடிக்கை, யாரிடம் என்று இல்லை. நடவடிக்கையில் இருப்பதாக அவர்கள் சொன்னதும் புகாரைத்தான், விண்ணப்பத்தை இல்லை. புகார் ஒரு மேஜைக்குப் போனது, அந்த மேஜையின் வேலை புகாருக்குப் பதில் கொடுத்து மூடுவது. பதில் கொடுத்தாயிற்று. மூடியாயிற்று. 2009ஆம் ஆண்டு விண்ணப்பம் அது இருந்த அலமாரியிலேயே இருந்தது.

கெஞ்சலும் மிரட்டலும் ஒன்றுக்கொன்று எதிரானவை மாதிரி தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு அவை அண்ணன் தம்பி மாதிரிதான் தெரிந்தன. இரண்டும் அதிகாரியின் மனதைத்தான் பார்க்கின்றன. ஒன்று அதில் இரக்கத்தை வரவழைக்கப் பார்க்கிறது, மற்றது பயத்தை. கோப்பை இரண்டுமே பார்ப்பதில்லை.

இதை எனக்கு விளக்கிச் சொன்னவர் புந்தோங்கில் இருக்கும் ஓர் அங்கிள். அப்பாவின் பழைய சிநேகிதர், வேறொரு மாநிலத்தின் நில நிர்வாகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா நகல்களையும் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இதெல்லாம் ராயுவான்னு போட்டிருக்கே, எதை எதிர்த்து ராயுவான்? இன்னும் ரிஜெக்டே பண்ணலையே?”

“கேக்கிறதுக்கு அப்படித்தானே அங்கிள் போடுவாங்க?”

“போடுவாங்க. ஆனா உள்ள இருக்கிறவனுக்கு விஷயம் வரிதான் முதல்ல கண்ணுல படும். பெர்மொஹோனான்னா புது விண்ணப்பம். ராயுவான்னா முடிவு வந்தாச்சு, அதை மாத்தச் சொல்றாங்க. ஆடுவான்னா புகார். உனக்கு வேண்டியது இது மூணும் இல்ல. பெர்தஞ்ஞாஆன் ஸ்தாத்துஸ். நிலைமை என்னன்னு கேக்கிற. அதைத்தான் போடணும்.”

பிறகு ஒரு தாளை எடுத்து, கோப்பு போகும் வழியை எனக்கு வரைந்து காட்டினார். விண்ணப்பம் மாவட்ட அலுவலகத்தில் பதிவாகும். ஓர் ஆள் நிலத்தைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவார். பிறகு தொழில்நுட்பத் துறைகளிடம் கருத்துக் கேட்டுக் கடிதம் போகும்: பொதுப்பணி, வடிகால் நீர்ப்பாசனம், நகரத் திட்டமிடல், ஊராட்சி மன்றம். எல்லாம் வந்தால் ஆட்சிக்குழுவுக்கு ஒரு தாள் தயாராகும். அங்கே ஒப்புதல் ஆனால் 5ஏ பாரத்தில் நோட்டீஸ் வரும், இவ்வளவு பிரிமியம் இந்தத் தேதிக்குள் கட்டு என்று. கட்டினால் தற்காலிகப் பட்டா, பிறகு நில அளவை, கடைசியில் முழுப் பட்டா. 5ஏ வந்து குறித்த காலத்துக்குள் கட்டாமல் விட்டால் ஒப்புதலே காலாவதியாகிவிடும்.

“இதுல எந்த எடத்துல நிக்குதுன்னு தெரியாம கெஞ்சுனா யாருகிட்ட கெஞ்சுற? எனக்குத் தெரிஞ்சு நிறைய ஃபைல் மூணாவது எடத்துலதான் நிக்கும். நாலு பேரு கருத்து சொல்லணும். மூணு பேரு சொல்லியிருப்பான். நாலாவது ஆள் சொல்லாம அப்படியே பத்து வருஷம் ஓடிரும். உங்க வீடு ஆத்தோரம்னு வேற சொல்ற.”

நான் தமிழ்நாட்டில் இரண்டு வருஷம் படித்தபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதப்படும் மனுக்களைப் பார்த்திருக்கிறேன். 2005ஆம் ஆண்டுச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். ரேஷன் கார்டு வராதவர்களுக்காக அங்கே தன்னார்வலர்கள் பரப்பிய ஒரு மாதிரிக் கடிதம் உண்டு. எனக்குக் கார்டு கொடுங்கள் என்று அது கேட்காது. ஏன் கொடுக்கவில்லை என்றும் கேட்காது. என் விண்ணப்பத்தின் மீது நாளுக்கு நாள் என்ன நடந்தது, எந்த அதிகாரியிடம் எத்தனை நாள் இருந்தது என்று மட்டும் கேட்கும். அந்தக் கேள்விக்கு இரக்கமும் தேவையில்லை, கோபமும் தேவையில்லை. பதில் கோப்பிலேயே எழுதியிருக்கிறது, எடுத்துப் படித்துச் சொன்னால் போதும்.

மலேசியாவில் சிலாங்கூரிலும் பினாங்கிலும் அவரவர் மாநிலச் சட்டம் இருக்கிறது. பேராக்கில் இல்லை. இத்தனை நாளில் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் சுட்டிக்காட்ட ஒரு பிரிவும் கிடையாது. ஆனால் அந்தக் கேள்வியின் உருவத்தைக் கடன் வாங்க யாரும் தடை போடவில்லை. நிலம் தருவது அரசின் புடி பிச்சாரா. கோப்பு எங்கே இருக்கிறது என்பதில் விருப்பத்துக்கு என்ன வேலை? அது ஒரு தகவல். இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்கும்போதுதான் குரல் கெட்டுப்போகிறது. தகவல் கேட்கிற இடத்திலும் கெஞ்ச ஆரம்பித்துவிடுகிறோம்.

எழுத உட்கார்ந்தபோது சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. பெரியப்பா இறந்ததை அந்த அலுவலகத்துக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் ரத்து பண்ணிவிடுவார்கள் என்று பயம். ஒவ்வொரு டிசம்பரும் யாராவது போய் அவர் பெயரிலேயே டிஓஎல்லுக்குப் பணம் கட்டி ரசீது வாங்கி வந்தார்கள். பயம் ஆதாரமில்லாததும் இல்லை. டிஓஎல் பிள்ளைகளுக்குப் போகாது, மனைவிக்கும் போகாது. வைத்திருந்தவரோடு முடிந்துவிடும் என்றுதான் சட்டம் சொல்கிறது.

அங்கிள் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சொல்லிரு,” என்றார். “சொல்லாட்டி என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கு ஆட்சிக்குழு பாஸ் பண்ணிருச்சுன்னு வச்சுக்க. நோட்டீஸ் செத்தவர் பேர்ல வரும். ரிஜிஸ்டர் பண்றப்ப ஆள் எங்கன்னு கேப்பான். அப்ப சொன்னா மறைச்சேன்னு ஆகும். இப்ப சொன்னா தெரிவிச்சேன்னு ஆகும்.”

சொல்வது எப்படி என்பதுதான் கேள்வி. நீண்ட விளக்கம் எழுதினால் குற்றவாளிக் குரல் வந்துவிடுகிறது. ‘அறியாமையால்’, ‘சூழ்நிலை காரணமாக’ என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்தால் ஏதோ பெரிதாக மறைத்த மாதிரி ஆகிவிடும். கடைசியில் ஒரே வாக்கியம். விண்ணப்பதாரர் இந்தத் தேதியில் காலமானார், இறப்புச் சான்றிதழின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

1986 முதல் இங்கே இருக்கிறோம் என்ற வரியையும் பெரியம்மா வேண்டும் என்றார். அங்கிள் பேனாவால் ஒரு கோடு போட்டார். “லைசென்ஸ் 91லதானே வந்துச்சு? அதுக்கு முந்தி லைசென்ஸ் இல்லாம அரசு நிலத்துல இருந்தோம்னு நீங்களே எழுதிக் கையெழுத்து போட்டுத் தரணுமா? அது குத்தம்மா.” பெரியப்பாவின் பதினோரு கடிதங்களிலும் அந்த 1986 இருக்கிறது. எவ்வளவு காலமாகக் கஷ்டப்படுகிறோம் என்று காட்டுவதற்காக அவர் எழுதியது. இரக்கம் தேடும் குரல் தேவைக்கு மேல் பேசும்.

கடைசியாகப் போன கடிதம் மலாயில் அரைப் பக்கம். தமிழில் இப்படி இருக்கும்:

“நில நிர்வாகி அவர்களுக்கு. ஐயா அல்லது அம்மையீர், விஷயம்: அரசு நிலம் கோரும் விண்ணப்பத்தின் நிலைமை குறித்த கேள்வி. கோப்பு எண் இது, முக்கிம் இது, விண்ணப்பதாரர் பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் இவை.

மரியாதையுடன் மேற்கண்ட விஷயம் பார்க்கப்படுகிறது. 2. விண்ணப்பம் 2009ஆம் ஆண்டு இந்தத் தேதியில் பெறப்பட்டது. ரசீதின் நகல் இணைப்பு ஒன்று. 3. விண்ணப்பதாரர் 2016இல் காலமானார். இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் நகல்கள் இணைப்பு இரண்டும் மூன்றும். மனைவியாகிய நான் தொடர்ந்து அதே முகவரியில் வசிக்கிறேன். 4. மூன்று விஷயங்களை அறிய விரும்புகிறேன்: இந்த விண்ணப்பம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தத் துறையின் கருத்துக்காவது காத்திருக்கிறதா, விண்ணப்பதாரர் பெயர் தொடர்பாக நான் கொடுக்க வேண்டிய பத்திரங்கள் எவை. 5. தற்காலிக உரிமத்தின் காலம் டிசம்பர் 31இல் முடிவதால், அதற்கு முன் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். நன்றி.”

ஐந்தாவது பத்தி பற்றி அண்ணனும் நானும் போனில் வாதாடினோம். அவர் பதினான்கு நாள் என்று போடச் சொன்னார். அந்தப் பதினான்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. டிசம்பர் 31 அவர்களுடைய காகிதத்திலேயே அச்சாகியிருக்கும் தேதி. ஒரு கெடு நம் கோபத்திலிருந்து வந்தால் அவர்கள் தள்ளிவிடலாம். விஷயத்திலிருந்தே வந்தால் தள்ளுவது கொஞ்சம் கஷ்டம்.

பெரியம்மாவுக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு முகம் மாறிவிட்டது.

“என்னாய்யா, ரொம்பக் கோவமா எழுதியிருக்க?”

“கோவமா எதுவும் இல்ல பெரியம்மா. மரியாதையாத்தான் இருக்கு.”

“ஒரு எடத்துல கூட தயவு பண்ணுங்கன்னு இல்லையே. நேரா போயி அந்த ஆளு மூஞ்சியப் பாத்து கேக்குற மாதிரி இருக்கு.”

அதைத்தான் செய்கிறோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது சரி. அறுபது வருஷமாக அவர் யார் முகத்தையும் பார்த்துக் கேட்டதில்லை. அவர் காதுக்கு, கெஞ்சாத வாக்கியம் என்றால் அது திட்டுகிற வாக்கியம்தான். நடுவில் ஒரு குரல் இருக்கலாம் என்பதை நான் படித்த பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, பால்வெட்டு அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பேசி முடித்து ஒரு சமரசத்துக்கு வந்தோம். ‘எனக்கு வயது 78’ என்று மூன்றாவது பத்தியின் கடைசியில் ஒரு வரி. அது உண்மை, அளவாகவும் இருந்தது. அதற்கு மேல் என் இலக்கணத்தை அவர் மேல் திணிக்க எனக்கு மனசில்லை. கையெழுத்தைத் தமிழில் போட்டார். நான் எழுதினாலும் கடிதம் அவருடையதாகத்தான் போக வேண்டும். மூன்றாம் ஆளிடம் கோப்பு விவரம் சொல்ல மாட்டார்கள்.

தபாலில் அனுப்பவில்லை. அங்கிள் சொன்னபடி இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனோம். ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்ள, இரண்டாவதில் ‘தெரிமா’ முத்திரை, பெற்றுக்கொண்டோம் என்ற தேதியோடு. பெரியப்பாவின் பதினோரு நகலில் ஒன்றில்கூட அந்த முத்திரை இல்லை. அவை எல்லாம் போய்ச் சேர்ந்தனவா என்பதே இனி யாருக்கும் தெரியாது. கவுண்டரில் இருந்த பெண் கடிதத்தின் விஷய வரியைப் பார்த்தார், எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார், “இது மேல, ரெக்கார்ட் அறைக்குப் போகணும்,” என்று மலாயில் சொல்லி, முத்திரை குத்தித் தந்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. அரசுக் கடிதத்தின் முதல் சொல்லைப் பார்த்தாலே பலன் தெரிந்துவிடும் என்பார்கள். ‘சுகாசித்தா’ என்றால் நல்ல சேதி, ‘டுகாசித்தா’ என்றால் இல்லை. நம் சுகமும் துக்கமும் சித்தத்தோடு சேர்ந்து அங்கே போய் உட்கார்ந்திருக்கின்றன. எங்களுக்கு வந்ததில் இரண்டும் இல்லை. ‘அடாலா டிமக்லும்கான்’, தெரிவிக்கப்படுகிறது என்று ஆரம்பித்தது. கீழே மூன்று விஷயங்கள். மூன்று துறைகளின் கருத்து 2011க்குள் வந்துவிட்டது. வடிகால் நீர்ப்பாசனத்தின் கருத்து மட்டும் நிலுவை, ஆற்று ஒதுக்கு நிலத்தின் எல்லை சம்பந்தமாக. விண்ணப்பதாரர் காலமானதால் மனைவி தன் பெயரில் புதிய பாரம் தர வேண்டும், பழைய கோப்பு எண் அதில் குறிக்கப்படும். உரிமம் பற்றி அதிகாரியை நேரில் வந்து பார்க்கவும்.

அண்ணன் போனில் கேட்டார், “அப்ப கிராண்டு இல்லையா?” இல்லை. ஆற்று ஒதுக்கு வீட்டின் குறுக்கே போகிறது என்று அவர்கள் சொன்னால் கிடைக்காமலேகூடப் போகலாம். எவ்வளவு நேர்த்தியாக எழுதினாலும் ஆற்றின் எல்லை நகராது. ஆனால் ‘நடவடிக்கையில் இருக்கிறது’ என்ற பதிலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்று: இதில் ஒரு கட்டத்தின் பெயர் இருக்கிறது, ஒரு துறையின் பெயர் இருக்கிறது. அடுத்த கடிதத்தை யாருக்கு எழுதுவது என்று தெரிகிறது.

பெரியம்மா புதிய பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். உரிமம் விஷயமாக அதிகாரியைப் பார்க்கப் போனபோது அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். அதிகாரிதான் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மனைவி பெயரில் புது டிஓஎல் பரிசீலிக்கலாம், பழைய ரசீதுகளையும் கொண்டு வாருங்கள் என்றார். ஆற்று எல்லை பற்றிய கடிதத்தை இந்த வாரம் எழுத வேண்டும். விஷயம்: கருத்து நிலுவை குறித்த கேள்வி. நில அளவைத் துறையின் பழைய வரைபடம் ஒன்று கிடைக்குமா என்று அங்கிள் விசாரித்துக்கொண்டிருக்கிறார், அது வந்தால் இணைப்பு நான்கு.